ஒரு ஹூக், ஒரு கருத்து, ஒரு வாழ்த்து: முப்பது விநாடி பக்தி வீடியோவின் அமைப்பு

முப்பது விநாடி பக்தி வீடியோவுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதல் நான்கு விநாடிகளில், திரையைத் தள்ளிக்கொண்டே போகும் விரலை நிறுத்தும் ஒரு வரி வருகிறது. வீடியோ எடுப்பவர்கள் இதை ஹூக் என்கிறார்கள். அடுத்த இருபது விநாடிகளில் ஒரு கதை நிகழ்ச்சியும் அதிலிருந்து பிறக்கும் ஒரே ஒரு கருத்தும் சொல்லப்படுகின்றன. கடைசி ஆறு விநாடிகள் வாழ்த்துக்கும் அதன் பின்வரும் சிறு அமைதிக்கும் உரியவை. இந்த மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்க வேண்டும். கருத்து என்ற அந்த நூல் தெளிவாக இல்லையென்றால் ஹூக் வெறும் பரபரப்பாகவும், வாழ்த்து வெறும் சம்பிரதாயமாகவும் நின்றுவிடும்.

முப்பது விநாடி என்ற அளவு இந்தியப் பார்வையாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீண்ட காலம் ஒரு வீடியோ 30 விநாடிக்கு மேல் ஓடாது. 2024-இல்தான் அது ஒரு நிமிடமாக நீண்டது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் மூன்று நிமிடம் வரை இடம் கொடுத்தது. இப்படி வரம்புகள் விரிந்த பிறகும் முப்பது விநாடி நல்ல அளவாகவே இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதன் பொருளைச் சொல்லி, வாழ்த்தி முடிக்க அது போதும். இரண்டாவது நிகழ்ச்சியைச் சேர்க்க அதில் இடம் இல்லை. அந்த இடமின்மைதான் எழுதுபவரை ஒரே கருத்தில் நிறுத்தி வைக்கிறது.

பார்ப்பவருக்கு ஹூக் முதலில் வருகிறது. எழுதுபவர் அதை முதலில் எழுதக் கூடாது. எழுதும் வரிசை வேறு. முதலில் கருத்து, பிறகு அதைத் தாங்கும் நிகழ்ச்சி, அதன்பின் ஹூக், கடைசியில் வாழ்த்து. ஹூக்கை முதலில் எழுதியவர் அந்த வரியின் கவர்ச்சிக்கு ஏற்பக் கதையை வளைக்கத் தொடங்குவார். பெரிய புராணத்தில் வரும் பூசலார் நாயனாரின் கதையை எடுத்துக்கொண்டு, ஒரு வீடியோ எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கருத்தைத் தேர்தல்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் பூசலாரின் வரலாறு சில பாடல்களே கொண்டது. பூசலார் திருநின்றவூரைச் சேர்ந்த அந்தணர். சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார்; எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனதுக்குள்ளேயே பொருள் சேர்த்து, தச்சர்களை அழைத்து, நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டு, இரவிலும் உறங்காமல் விமானம், மதில், கிணறு, குளம் என எல்லாவற்றையும் முறையாகக் கட்டி முடித்தார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில்தான் காஞ்சியில் காடவர் மன்னன் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். முந்தின இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை பூசலாரின் ஆலயத்துக்குள் புக இருப்பதால் வேறு நாள் குறித்துக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடினான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றார்கள் ஊரார். பூசலாரைக் கண்டு உண்மையை அறிந்த மன்னன் அவரை வணங்கித் திரும்பினான். குறித்த நேரத்தில் பூசலார் தம் மனக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார்.

இவ்வளவு சிறிய கதையில்கூடக் குறைந்தது நான்கு கருத்துகள் கிடக்கின்றன. பணம் இல்லாததால் பக்தி தடைபடாது என்பது ஒன்று. மனம் ஒன்றிச் செய்வதை இறைவன் ஏற்கிறார் என்பது இரண்டாவது. மனதில் செய்யும் பணியையும் ஒழுங்காக, படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. அதிகாரத்தில் இருப்பவரும் அடியாரின் முன் பணிய வேண்டும் என்பது நான்காவது. நான்கும் நல்லவை, நான்கும் கதையில் உள்ளவை. நான்கையும் முப்பது விநாடிக்குள் வைத்தால் பார்ப்பவர் மனதில் ஒன்றும் தங்காது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வேறு வீடியோக்களுக்கு ஒதுக்கி வைப்பதே வழி.

தேர்ந்தெடுத்த கருத்தைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, அதை ஐந்தாறு சொற்களில், ‘மேலும்’, ‘அதோடு’, ‘ஆனால்’ என்று எதையும் ஒட்டாமல் சொல்ல முடிகிறதா? ‘மனம் ஒன்றிச் செய்வதை இறைவன் ஏற்கிறார்’ என்பது ஐந்து சொற்களில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது, கதை அதை உண்மையிலேயே சொல்கிறதா? பூசலார் கதையை வைத்து வீடியோ எடுக்கும்போது பலர் சறுக்கக்கூடிய இடம் இதுதான். ‘பணக்காரன் கட்டிய கோயிலை இறைவன் ஒதுக்கினார்’ என்று சொல்வது காதுக்குச் சூடாக இருக்கும். பெரிய புராணம் அப்படிச் சொல்லவில்லை. மன்னனின் கோயிலை இறைவன் மறுக்கவில்லை. நாளை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். மன்னனும் கோபம் கொள்ளாமல் பூசலாரைத் தேடி வந்து வணங்கிய நல்லவன். காஞ்சிக் கோயிலைத் தாழ்த்தாமலே பூசலாரின் மனக்கோயிலை உயர்த்த முடியும். மூலத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கும் பத்து நிமிடம் இந்தப் பிழையைத் தடுக்கும்.

சொற்களின் அளவு

பக்தி வீடியோவுக்கு வேகமான குரல் பொருந்தாது. நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின் மூச்சு விட்டுப் படிக்கும்போது தமிழில் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சொல்தான் போகும். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சேர்ந்து தமிழ்ச் சொல் நீள்வதே இதற்குக் காரணம். ‘மனதுக்குள்ளேயே’ என்பது எண்ணிக்கையில் ஒரு சொல். வாயில் அதற்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே முப்பது விநாடிக்கு 40 முதல் 45 சொற்கள் என்பது பாதுகாப்பான அளவு. 60 சொற்களைத் தாண்டினால் படிப்பவர் ஓட வேண்டியிருக்கும்; கேட்பவருக்கு விளம்பர அறிவிப்பு கேட்டதுபோல் இருக்கும்.

பூசலார் வீடியோவின் முழு வாசகம் இந்த அளவுக்குள் இப்படி அமைகிறது:

0 முதல் 4 விநாடி, ஹூக்: ஒரு கல்கூட வைக்காமல் ஒருவர் சிவனுக்குக் கோயில் கட்டினார்.

4 முதல் 20 விநாடி, நிகழ்ச்சி: திருநின்றவூர்ப் பூசலாரிடம் பணம் இல்லை. மனதுக்குள்ளேயே அடித்தளம் இட்டார், சுவர் எழுப்பினார், கலசம் வைத்தார். காஞ்சி மன்னனின் கற்கோயிலுக்கு மறுநாள் குடமுழுக்கு. அவன் கனவில் இறைவன் சொன்னார்: ‘நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன்.’

20 முதல் 24 விநாடி, கருத்து: மனம் ஒன்றிச் செய்வதை இறைவன் ஏற்கிறார்.

24 முதல் 30 விநாடி, வாழ்த்து: உங்கள் மனக்கோயிலிலும் அந்த ஈசன் எழுந்தருளட்டும்.

மொத்தம் 41 சொற்கள். ஹூக்குக்கு ஏழு, நிகழ்ச்சிக்கு இருபத்து நான்கு, கருத்துக்கும் வாழ்த்துக்கும் ஐந்தைந்து. கருத்தும் வாழ்த்தும் சொற்களில் குறைவு. அவற்றுக்கு ஒதுக்கிய நேரம் மட்டும் தாராளம். நிகழ்ச்சிப் பகுதி சற்று ஓட்டமாகவும், கருத்தும் வாழ்த்தும் மெதுவாகவும் படிக்கப்பட வேண்டும் என்பதே காரணம். எழுதியதைக் கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தை வைத்து மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவசியம். கண்ணால் படிக்கும் வேகத்தை நம்பி அளவிட்டால் பதிவின்போது ஐந்தாறு விநாடி மிஞ்சிப் போகும். கடைசியில் வெட்டுப்படுவது வாழ்த்தாகத்தான் இருக்கும்.

ஹூக் செய்ய வேண்டிய வேலை

ஷார்ட்ஸ், ரீல்ஸ் பார்ப்பவர் எந்த வீடியோவையும் தேடி வருவதில்லை. முந்தைய வீடியோ முடிந்து அடுத்தது தானாக வந்து நிற்கிறது. இரண்டு மூன்று விநாடிக்குள் விரல் மேலே தள்ளிவிடும், அல்லது நிற்கும். ஆகவே முதல் வரி முழு வாக்கியமாக, வீடியோவின் உயிரான செய்தியைத் தொட்டதாக இருக்க வேண்டும். ‘அனைவருக்கும் வணக்கம்’, ‘இன்று நாம் பார்க்கப்போவது’, சேனலின் பெயரும் சின்னமும் சுழன்று வரும் முகப்பு ஆகியவை இந்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன. விநாயகர் துதியுடன் தொடங்கும் வழக்கம் அரை மணி நேரச் சொற்பொழிவுக்கு அழகு. இங்கே அந்த மரியாதையை முதல் படத்தின் மூலையில் ஒரு சிறு பிள்ளையார் சுழியாகச் செலுத்தலாம்.

பக்திக் கதைகளில் ஹூக் எடுக்க மிகச் சிறந்த இடம் முரண். கல் இல்லாமல் கோயில் என்பது முரண். கேட்டவுடன் ‘எப்படி?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. கேள்விக்குறி போட்டு அதைக் கேட்கவே வேண்டியதில்லை. ‘கோயில் கட்டக் கோடி வேண்டுமா?’ என்று நேரடியாகக் கேட்பதும் ஒரு வகைதான். பார்ப்பவர் மனதுக்குள் ‘வேண்டாம்’ என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதே அதன் பலவீனம். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும் கேள்வி ஹூக்காக நிற்பதில்லை.

ஹூக் பொய் சொல்லக் கூடாது என்பது பக்தி வீடியோவுக்குக் கூடுதல் கட்டாயம். ‘உலகமே மறைத்த ரகசியம்’ என்று தொடங்கி, ஆயிரம் ஆண்டுக்கு அருகில் எல்லோரும் படித்துவரும் நூலிலிருந்து கதை சொன்னால் அது ஏமாற்று. அதைவிடக் கேடானது பயமுறுத்தும் ஹூக்: ‘இதைப் பார்க்காமல் போனால் கஷ்டம் வரும்’, ‘பத்து பேருக்கு அனுப்பினால் இன்றே நல்ல செய்தி’ போன்றவை. அச்சத்தில் நின்றவர் கருத்தைக் கேட்கும் மனநிலையில் இருப்பதில்லை. இறைவன் மனத்தை ஏற்கிறார் என்று சொல்லும் வீடியோ மிரட்டலுடன் தொடங்கினால், அதன் முதல் வரியே அதன் கருத்தை மறுத்துவிடுகிறது.

ஹூக் நேர்மையானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வீடியோ முடிந்தபின் முதல் வரியைத் திரும்பப் படிக்க வேண்டும். அப்போதும் அது உண்மையாக ஒலித்தால் ஹூக் சரி. பூசலார் ஒரு கல்லும் வைக்கவில்லை, கோயிலும் கட்டினார், இறைவனும் அதற்குள் புகுந்தார். வரி முழுவதும் உண்மை.

நிகழ்ச்சியும் திருப்பமும்

ஹூக் எழுப்பிய கேள்விக்குப் பதில் சீக்கிரம் வந்துவிட வேண்டும். பதிலைக் கடைசிவரை மறைத்து வைத்தால் பார்ப்பவர் பொறுமை இழப்பார். எட்டாவது விநாடியை ஒட்டி ‘மனதுக்குள்ளேயே’ என்ற சொல்லில் இந்த வீடியோ அந்தப் பதிலைத் தந்துவிடுகிறது. அந்த இடத்தில் முதல் ஆவல் தீர்ந்து, இரண்டாவது ஆவல் பிறக்கிறது: மனதில் கட்டியதை இறைவன் ஏற்பாரா? கனவு வாக்கியம் அதற்கான விடை. இப்படி ஓர் ஆவல் தணியும் இடத்தில் மற்றொன்று தொடங்குவதால்தான் பதினாறு விநாடியும் கவனம் நிற்கிறது.

இந்தப் பகுதியில் எழுதுபவர் செய்யும் வேலை பெரும்பாலும் நீக்குவதே. சேக்கிழார் பெயர், நூலின் பெயர், மன்னன் யார் என்ற ஆராய்ச்சி எல்லாம் விடப்பட்டன. அந்த மன்னனைப் பல்லவன் ராஜசிம்மன் என்றும், அவன் கட்டிய கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். அது நல்ல தகவல். அதற்குரிய இடம் வீடியோவின் கீழே எழுதப்படும் குறிப்பு. ‘ஆதாரம்: பெரிய புராணம், பூசலார் நாயனார் புராணம்’ என்ற வரியையும் அங்கேயே வைக்கலாம். மன்னன் திருநின்றவூருக்கு வந்து தேடியதும், ஊரார் இல்லை என்றதும் கதையின் சுவையான பகுதிகள், அவையும் விடப்பட்டன. இறைவனின் ஏற்பு கனவிலேயே தெரிந்துவிடுகிறது. கருத்து அங்கேயே நிறைவேறிவிட்டதால் அதன்பின் வரும் எதுவும் கருத்தை மேலும் வலுவாக்காது, தள்ளிப்போடத்தான் செய்யும்.

எதை வைத்துக்கொள்வது என்பதையும் கருத்தே தீர்மானிக்கிறது. ‘அடித்தளம் இட்டார், சுவர் எழுப்பினார், கலசம் வைத்தார்’ என்ற மூன்று வினைகளும் நேரம் எடுப்பவை. ‘மனதில் கோயில் கட்டினார்’ என்று சொன்னால் சில விநாடி மிச்சமாகும். ஆனால் அந்த மூன்று வினைகளில்தான் பூசலாரின் மனம் ஒன்றிய நிலை தெரிகிறது. அவற்றை நீக்கினால் ‘மனதில் நினைத்தாலே போதும்’ என்ற சோம்பலான பொருள் வந்துவிடும். மூலத்தில் அவர் இரவிலும் உறங்காமல் கட்டினார் என்பதை நினைத்தால், இந்தச் சுருக்கம் எவ்வளவு தவறாகப் போகும் என்பது புரியும்.

கனவு வாக்கியத்துக்குப் பின் ஏறத்தாழ ஒரு விநாடி குரல் நிற்க வேண்டும். பின்னணி ஓசையும் தணிய வேண்டும். கேட்டதைப் பார்ப்பவர் உள்வாங்கும் நேரம் அது. அந்த அமைதி இல்லாமல் கருத்து வரி வந்து ஒட்டிக்கொண்டால், அதுவும் கதையின் அடுத்த வாக்கியமாகவே காதில் விழும். கருத்தைச் சொல்லிய பின் அதை வேறு சொற்களில் மறுபடி விளக்கவும் கூடாது. ‘ஆகவே நாமும் பணத்தைப் பெரிதாக நினைக்காமல்’ என்று தொடங்கும் விளக்கம், கதை செய்து முடித்த வேலையை மறுபடி செய்கிறது.

வாழ்த்து

பக்தி வீடியோவை மற்றக் குறுவீடியோக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதி. மற்றவை ‘லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்று பார்ப்பவரிடம் கேட்டு முடிகின்றன. இது பார்ப்பவருக்குக் கொடுத்து முடிகிறது. கொடுத்த கையோடு கேட்டால் கொடுத்தது மறந்துவிடும். சேனலுக்கான வேண்டுகோளைக் கீழே உள்ள எழுத்துக் குறிப்பில் வைத்துவிட்டு, கடைசி ஒலியாக வாழ்த்தை விட்டுவிட வேண்டும்.

வாழ்த்து கருத்திலிருந்தே பிறக்க வேண்டும். ‘எல்லா வளமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க’ என்பது எந்த வீடியோவுக்கும் பொருந்தும். அதனாலேயே எதிலும் ஒட்டாது. பணம் இல்லாத ஒருவரின் பக்தியைப் பேசிய வீடியோ ‘செல்வம் பெருகட்டும்’ என்று முடிந்தால் அதுவரை சொன்னது கலைந்துவிடும். ‘உங்கள் மனக்கோயிலிலும் அந்த ஈசன் எழுந்தருளட்டும்’ என்ற வரி கதையிலிருந்து கோயிலை எடுத்துப் பார்ப்பவரின் நெஞ்சில் வைக்கிறது. பூசலாருக்குக் கிடைத்தது கேட்பவருக்கும் கிடைக்கட்டும் என்பதே அதன் பொருள்.

வாழ்த்துவது யார் என்பதிலும் கவனம் தேவை. பேசுபவர் குருவோ ஆதீனமோ அல்லர் என்றால் ‘ஆசீர்வதிக்கிறேன்’ என்று சொல்வது பொருந்தாது. ‘அருளட்டும்’, ‘எழுந்தருளட்டும்’, ‘துணை நிற்கட்டும்’ என்று இறைவனை முன்னிறுத்தி வேண்டிக்கொள்ளும் நடை யார் வாயிலும் இயல்பாக அமையும். உறுதிமொழியும் தரக் கூடாது. ‘இன்றே வேலை கிடைக்கும்’, ‘நோய் நீங்கும்’ என்று எதிர்காலத்தில் அடித்துச் சொல்வது வாழ்த்து ஆகாது, ஜோசியம் ஆகிவிடும். நடக்காதபோது நம்பியவருக்குத்தான் வலி.

வாழ்த்துக்குப் பின் ஒரு விநாடி விளக்கொளி மட்டும் தெரியட்டும். ஷார்ட்ஸும் ரீல்ஸும் முடிந்தவுடன் முதலிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். அந்த ஒரு விநாடி இல்லையென்றால் ‘எழுந்தருளட்டும்’ என்ற சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு ‘ஒரு கல்கூட’ என்று ஹூக் மோதும்.

படமும் எழுத்தும்

ஒரு வாக்கியத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் இந்த வீடியோவுக்கு ஏழு படங்கள் போதும். ஹூக்குக்கு வெறும் மைதானம். பூசலாருக்குக் கண்மூடி அமர்ந்த ஒரு முதியவரின் கோட்டோவியம். கட்டுமானத்துக்கு அதே ஓவியத்தின் மேல் கோடு கோடாக எழும் கோயில். மன்னனுக்குக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் வெளித்தோற்றம். கனவுக்கு இருட்டில் ஒரு விளக்கு. கருத்துக்கு அதே விளக்கு அருகில். வாழ்த்துக்குத் திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலின் கோபுரம். பூசலாரின் நினைவைத் தாங்கி நிற்கும் கோயில் அது. சென்னை-அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூர் நிலையத்தில் இறங்கிப் போய்விடலாம்.

கோயிலுக்குள் படம் எடுப்பதை நம்பித் திட்டமிடக் கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கருவறையைப் படம் எடுப்பது அதற்கு முன்பே பல கோயில்களில் விலக்கப்பட்ட ஒன்று. கோபுரம், மதில், குளம், விளக்கு, கூப்பிய கை, ஓவியம் ஆகியவற்றைக் கொண்டே முழு வீடியோவையும் அமைத்துவிட முடியும்.

திரை நிமிர்ந்த வடிவத்தில், 1080-க்கு 1920 என்ற அளவில் இருக்கும். அதன் கீழ்ப்பகுதியைச் சேனலின் பெயரும் தலைப்பும் மறைக்கும். வலப்பக்கக் கீழ்ப்பாதியை லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும். எழுத்துகளைத் திரையின் நடுவிலிருந்து சற்று மேலே வைப்பது நல்லது. தெய்வத் திருவுருவம் காட்டப்பட்டால் அதன் முகத்தின் மேல் எழுத்து ஏறக் கூடாது. திருவடிகள் பொத்தான்களுக்குக் கீழே போய்விடாதபடி உருவத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். பக்தர்கள் இதைக் கவனிப்பார்கள். கண்ணில் பட்டால் மனம் புண்படுவார்கள்.

பேருந்திலும் அலுவலகத்திலும் பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் சொல்லும் ஒவ்வொரு வரியும் எழுத்தாகவும் வர வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு தடவைக்கு நான்கு சொற்களுக்கு மேல் காட்டினால் எழுத்து சிறுத்துவிடும். ‘கற்கோயிலுக்கு’ போன்ற சொல் இரண்டு வரிகளில் உடையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக உருவாகும் தமிழ் வசன வரிகளில் பெயர்களும் ஒற்றுகளும் பிழைபடுவது வழக்கம். 41 சொற்களைக் கையால் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. பூசலாரின் பெயரைப் பிழையாகக் காட்டிய வீடியோவை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒலிக்குத் தம்புரா போன்ற ஒரே சுருதியும் ஹூக்கின் தொடக்கத்தில் ஒரு மெல்லிய மணியோசையும் போதும். புகழ்பெற்ற பக்திப் பாடலின் ஒலிப்பதிவைப் பின்னணியில் வைப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பழைய திருமுறைப் பாடலுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும் அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிக்கு உரிமையாளர் இருப்பார்; அனுமதி இல்லாமல் பயன்படுத்தினால் வீடியோவின் ஒலி முடக்கப்படலாம். மேலும் பாடலின் சொற்களும் பேசுபவரின் சொற்களும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் இரண்டும் புரியாது. முடிந்த கலவையைக் கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஹெட்போனில் கம்பீரமாகக் கேட்ட தாழ்ந்த சுருதி அந்தச் சிறு ஒலிபெருக்கியில் மறைந்துபோகும்; மணியோசை மட்டும் காதைக் குத்தும்.

பிழை எங்கே என்று அறிதல்

வெளியிடும் முன் கதை தெரியாத ஒருவரிடம் வீடியோவை ஒரே ஒரு முறை காட்டி, ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்க வேண்டும். ‘மனசார செய்யறத சாமி ஏத்துக்குவார்’ என்று அவர் சொன்னால் வேலை முடிந்தது. அவர் கதையை மட்டும் திருப்பிச் சொன்னால் கருத்து வரிக்கு முன் அமைதி போதவில்லை. ‘காசு இருக்கறவங்க கோயில் கட்டக் கூடாதுன்னு சொல்லுது’ என்றால் நிகழ்ச்சி வாக்கியங்களில் எங்கோ மன்னனைத் தாழ்த்தும் தொனி வந்துவிட்டது. வேறு ஒருவருக்கு ஒலியில்லாமல் காட்டி அதே கேள்வியைக் கேட்டால் எழுத்து வரிகளின் குறை தெரியும்.

வெளியிட்ட பின் யூடியூப் ஸ்டூடியோ ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை சதவீதம் பேர் தள்ளிவிட்டார்கள் என்று காட்டும். விநாடிக்கு விநாடி எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற வளைகோடும் அதில் உண்டு. அந்தக் கோட்டை மூன்று பகுதிகளோடு பொருத்திப் படிக்க வேண்டும். முதல் நான்கு விநாடியில் செங்குத்தாக விழுந்தால் ஹூக்கில் குறை. பத்தாவது விநாடியை ஒட்டிச் சரிந்தால் முதல் ஆவல் தீர்ந்த இடத்தில் இரண்டாவது ஆவல் பிறக்கவில்லை. காஞ்சி மன்னனின் வாக்கியம் தாமதமாக வந்திருக்கும். இருபத்து நான்காவது விநாடியில் விழுந்தால், பார்ப்பவர்கள் வாழ்த்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கருத்து வரியும் வாழ்த்தும் ஒரே படத்தின் மேல் ஓடினால் இப்படி நேரும்; வாழ்த்து தொடங்கும்போது படம் மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாக் கதைகளும் இந்த அளவுக்குள் அடங்குவதில்லை. கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய கதையை முப்பது விநாடியில் சொன்னால், அவருடைய அன்பு வளர்ந்த ஆறு நாட்களும் காணாமல் போய், கண்ணைப் பெயர்த்த அதிர்ச்சி மட்டும் எஞ்சும். தத்துவ விளக்கமும், விரத முறைகளும், மாறுபட்ட மரபுகள் உள்ள செய்திகளும் நீண்ட வடிவத்துக்கு உரியவை. ஒரு செயல், அதற்கு இறைவன் தந்த ஒரு பதில் என்று இரண்டே அசைவுகளில் நிற்கும் கதைதான் முப்பது விநாடிக்கு ஏற்றது. அப்படிப்பட்ட கதையைத் தேர்ந்து, கருத்தை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொண்டவருக்கு ஹூக்கும் வாழ்த்தும் அந்த வரியிலிருந்தே கிடைத்துவிடும். கருத்து வரி இன்னும் எழுதப்படவில்லை என்றால் கேமராவை எடுக்க வேண்டாம்.